அடுத்த வருட ரூபாய்க்கு இன்று என்ன விலை?

விலைவாசி ஏறுவதால்தானே அடுத்த வருட ரூபாய்க்கு மதிப்பு குறைகிறது?

பாதி சரி. விலைவாசி துளியும் ஏறாத ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இன்று கையில் இருக்கும் காசை வட்டிக்கு விடலாம், தறி வாங்கிப் போடலாம், ஆத்திர அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் வரவேண்டிய காசு இதற்கெல்லாம் உதவாது, வராமலும் போகலாம். அதனால்தான் விலை குறைகிறது. அரசு கடன் வாங்க விற்கும் 364 நாள் ட்ரெஷரி பில்லுக்கு வட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. முடிவில் அரசு 100 ரூபாய் தரும். இன்று அதைவிடக் குறைத்து வாங்குகிறோம். 94-க்கு வாங்கினால் மிச்சம் 6 ரூபாய்தான் காத்திருந்ததற்குக் கூலி.

8% வட்டி என்றால், அடுத்த வருடம் வரும் ஒரு லட்சத்தில் 8% கழித்து இன்றைய மதிப்பு 92,000. சரியா சார்?

தவறு. வருடா வருடம் பாதி வகுப்பு செய்யும் தவறு இது. அந்த 92,000-ஐ 8% வட்டியில் போட்டுப் பாருங்கள்: 7,360 சேர்ந்து 99,360 ஆகும். லட்சத்துக்கு 640 குறைகிறது. கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: 1,00,000 / 1.08 = 92,593. இதற்கு 8% போட்டால் லட்சம் வந்து நிற்கும். எந்த விடையையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் தெருச் சீட்டில் 20 பேர், மாதம் 5,000. மூன்றாம் மாதமே 25,000 தள்ளி எடுத்தேன். 33% வட்டிக்கு ஏமாந்துவிட்டேனா?

வட்டி 33% இல்லை. 75,000 வாங்கியதில் மூன்று மாதம் கட்டியது உங்கள் சொந்தக் காசு. மீதியையும் மாதா மாதம் திருப்பிக் கட்டுகிறீர்கள், ஒரேயடியாக வருடக் கடைசியில் இல்லை. கழிவு போக ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதுங்கள், பார்க்கலாம். ஏமாந்தீர்களா என்பது அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

பணவீக்கத்தையும் தனியாகக் கழிக்க வேண்டாமா?

இன்றைக்கு இது மூன்றாவது முறை. வங்கி சொல்லும் 8%-க்குள் பணவீக்கமும் அடக்கம். மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு.

எந்த ஃபண்டில் போடலாம்?

ஆளை மாற்றிக் கேட்கிறீர்கள்.

2019 ஆகஸ்டில் ஜெர்மனி 30 வருடப் பத்திரத்தை வட்டியே இல்லாமல் விற்றது. நூறுக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அங்கே நாளைய காசுதான் உசத்தியா?

நல்ல உதை. நான் மேலே சொன்னதற்கு இது விதிவிலக்குதான். பெரிய நிதி நிறுவனம் கோடிக்கணக்கான யூரோவைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்க முடியாது. பெட்டகம், காவல், காப்பீடு என்று செலவாகும். பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த வாடகை என்று சொல்லலாம். வட்டி இன்னும் கீழே போகும், அப்போது லாபத்துக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. எது எவ்வளவு என்று எனக்கே ஒரு முடிவு இல்லை. ட்ரெஷரி பில்லுக்கு 100-க்கு மேல் கேட்டால் மட்டும் வாங்காதீர்கள்.