ராக் பாஸ்பேட் மலையில் கரைகிறது, அடிவாரத்தில் ஏன் கரைவதில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்கு ராக் பாஸ்பேட் வைத்தோம், செடி நன்றாகத் தேறியது. அதே மூட்டையில் பாதியை ஓமலூரில் என் மச்சான் மஞ்சளுக்குப் போட்டார். ஒரு பலனும் தெரியவில்லைங்க. ஏன்?

மூட்டையில் குறையில்லை, மண்தான் வேறு. ராக் பாஸ்பேட் என்பது அரைத்த பாறை. அதிலுள்ள மணிச்சத்து சுண்ணாம்புச் சத்தோடு இறுகப் பிணைந்திருக்கும், தண்ணீரில் கரையாது. அந்தப் பிணைப்பை உடைக்க மண்ணில் அமிலம் வேண்டும்; பிரிந்து வரும் சுண்ணாம்புச் சத்து அங்கேயே தேங்கவும் கூடாது. சேர்வராயன் மலையில் காலங்காலமாகப் பெய்த மழை மண்ணின் சுண்ணாம்பைக் கழுவி இறக்கியிருக்கிறது. அங்கே அமில மண் அதிகம். பி.எச். 5.5க்குக் கீழே இருந்தால் இந்தப் பாறைத் தூள் மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும்.

உங்கள் மச்சான் வயலைக் கொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கட்டிகள் தென்பட்டு, அவற்றின் மேல் இரண்டு சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு மண். அங்கே ராக் பாஸ்பேட் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மலையிலும் ஒரு தவறு நடக்கிறது. அமிலத்தைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பையோ டோலமைட்டையோ ராக் பாஸ்பேட்டோடு சேர்த்தே வைக்கிறார்கள். கரைக்க வேண்டிய அமிலத்தைச் சுண்ணாம்பு தீர்த்துவிடும். ராக் பாஸ்பேட்டை முதலில் போட்டு, சில மாதங்கள் கழித்துச் சுண்ணாம்பு போடுங்கள்.

இந்தப் பாறை கடலில் உண்டானது என்கிறார்கள். கடல் நீரில் மணிச்சத்து அவ்வளவு இருக்கிறதா? (பள்ளி ஆசிரியை, சேலம்)

மேல்மட்ட நீரில் மிகக் குறைவு. ஆழத்தில்தான் சேர்ந்திருக்கும். பெரு, நமீபியா போன்ற கரைகளில் காற்று கரையை ஒட்டியே வீசும். பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த ஆழ்நீர் சத்தோடு மேலெழும். மிதவை உயிரிகள் பெருகும், அவற்றைத் தின்று மீன்கள் பெருகும். இவை மடிந்து அடிச்சேற்றில் விழுந்து அழுகும்போது மணிச்சத்து சேற்றின் இடைநீரில் கூடிக்கொண்டே போகும். செறிவு போதிய அளவு உயர்ந்ததும் அபடைட் என்னும் கனிமமாகப் படியும்.

ஆனால் சேற்றில் சிதறிய மணிகள் மட்டும் இருந்தால் சுரங்கம் ஆகாது. நீரோட்டம் இலேசான சேற்றை அலசிக்கொண்டு போய், கனமான பாஸ்பேட் மணிகளையும் மீன் எலும்புகளையும் பற்களையும் ஓரிடத்தில் விட்டுவிட வேண்டும். முறத்தில் புடைப்பது போல இது திரும்பத் திரும்ப நடந்த அடுக்குகள்தான் வெட்டத் தகுந்தவை. மொராக்கோவின் கூரிப்கா சுரங்க அடுக்குகளில் சுறாப் பற்கள் ஏராளமாகக் கிடைப்பது இதனால்தான்.

விவசாயிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கடலில் படிந்த அபடைட்டுக்குள் கார்பனேட்டும் நுழைந்திருக்கும். படிகம் மிகச் சிறியதாகவும் தளர்வாகவும் இருப்பதால் அமிலத்தில் எளிதில் உடையும். எரிமலைக் குழம்பு வழி வந்த அபடைட் அப்படியல்ல. இலங்கையின் எப்பாவல பாறை அந்த வகை. நேரடியாகப் போட்டால் கரைவது மிகக் குறைவு. ஆகவே மூட்டையில் மொத்த மணிச்சத்து எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காதீர்கள். 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் எவ்வளவு கரைகிறது என்ற ஆய்வு விவரத்தையும் கேளுங்கள்.

சேலத்து வெள்ளைக்கல்லை அரைத்துப் போட்டால் மணிச்சத்து கிடைக்குமா?

கிடைக்காது. அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். தமிழ்நாட்டில் கடல்வழி பாஸ்பேட் உருண்டைகள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரீடேசியஸ் படிவுகளில் உண்டு.

டி.ஏ.பி. கிடைக்கவில்லை, கடையில் சூப்பர் பாஸ்பேட் கொடுத்தார்கள். தண்ணீரில் கலக்கினால் அடியில் வெள்ளையாகத் தங்குகிறது. கலப்படமா? (ஆத்தூர்)

வண்டலை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. ஆலையில் அதே கடல் பாறையைக் கந்தக அமிலத்தோடு கலக்கிறார்கள். மலை மண் மெதுவாகச் செய்யும் வேலையை அங்கே அமிலம் வேகமாகச் செய்கிறது. மணிச்சத்து நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது, பிரிந்த சுண்ணாம்புச் சத்து கந்தகத்தோடு சேர்ந்து ஜிப்சம் ஆகிறது. அதைப் பிரித்தெடுக்காமல் உரத்திலேயே விடுவதால் அடியில் தங்குகிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் வேளாண் துறை மூலம் உர ஆய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

கணக்கு இப்படி வரும். 50 கிலோ டி.ஏ.பி.யில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. 50 கிலோ சூப்பரில் மணிச்சத்து 8 கிலோ. ஒரு மூட்டை டி.ஏ.பி.க்கு மூன்று மூட்டை சூப்பர் போட்டால் 24 கிலோ வரும். தழைச்சத்துக்குச் சுமார் 20 கிலோ யூரியா தனியாகச் சேருங்கள். சூப்பரில் கந்தகமும் வருவதால் நிலக்கடலைக்கு அது கூடுதல் லாபம்.

உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் கரைந்த மணிச்சத்தும் மறுபடி சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். வயல் முழுக்க வீசாமல், விதைப்பு வரிசையில் விதைக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் விழும்படி அடியுரமாகவே வையுங்கள்.