காற்று இருந்தும் ஈஸ்ட் ஏன் நொதிக்கிறது?

கேள்வி: நொதித்தலில் 2 ஏடிபி, காற்றுச் சுவாசத்தில் 38 ஏடிபி என்று படித்தேன். அப்படியென்றால் ஆக்சிஜன் கிடைக்கும்போது ஈஸ்ட் நொதிக்கவே நொதிக்காதா? இரண்டிலும் கடைசியில் என்ன மிஞ்சும்?

பதில்:

முதலில் அந்த 38ஐக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எதுவும் வீணாகாமல் நடந்தால் வரக்கூடிய பழைய பாடப்புத்தகக் கணக்கு அது. ரொட்டி ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில், புரோட்டான்களை வெளியே தள்ளும் முதல் கட்ட நொதித் தொகுதி கிடையாது. அதனால் ஒரு குளுக்கோஸைச் சுவாசித்தால் அதற்குக் கிடைப்பது சுமார் 16 முதல் 18 ஏடிபிதான். அப்படியும் நொதித்தலைப் போல எட்டு மடங்கு.

நொதித்தலில் மிச்ச ஆற்றல் எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை, எத்தனாலுக்குள்ளேயே இருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக நொதித்தால், கணக்குப்படி 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டைஆக்சைடும் வரும். அந்த எத்தனாலை எரித்துப் பார்த்தால், குளுக்கோஸை நேரடியாக எரித்தால் வரும் வெப்பம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். சுவாசத்தில் மிஞ்சுவது கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும். அவற்றில் எரிக்க எதுவும் இல்லை.

முதுகலை படித்தபோது 2% குளுக்கோஸ் கரைசலில் ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டு, 30 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கியில் வைத்தேன். காற்று தாராளம், ஆல்கஹால் வராது என்று நம்பியிருந்தேன். காலையில் பஞ்சடைப்பைத் திறந்ததும் குப்பென்று ஆல்கஹால் வாசனை. காற்று போதவில்லை என்று நினைத்து வேகத்தைக் கூட்டி மறுபடி வைத்தேன், அதே வாசனை. மூன்றாம் முறை மணிக்கொரு தரம் கலங்கலை அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. செல்கள் முதலில் விறுவிறுவெனப் பெருகின. குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி சற்று நின்றது. பிறகு மெதுவாக மறுபடி ஏறியது, கூடவே வாசனையும் குறைந்துகொண்டே வந்தது. தான் வெளியேற்றிய எத்தனாலையே ஈஸ்ட் ஆக்சிஜனைக் கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

இதற்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். சர்க்கரை மிகுதியாக இருந்தால் சுவாசத்துக்கான மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸ் தரும் பைருவேட்டோ மைட்டோகாண்ட்ரியாவால் தாங்க முடியாத அளவுக்குக் குவியும். உபரி எத்தனாலாக மாறிவிடும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ரொட்டி ஈஸ்ட்டைப் பொறுத்தவரை ஆக்சிஜன் மட்டும் போதாது, சர்க்கரையும் குறைவாக இருக்க வேண்டும். எல்லா ஈஸ்ட்டும் இப்படி இல்லை. பாலில் வளரும் குளூய்வெரோமைசிஸ் லாக்டிஸ் காற்று இருந்தால் பெரும்பாலும் சுவாசிக்கவே செய்யும்.

ரொட்டி ஈஸ்ட் தயாரிக்கும் ஆலைகளுக்கு இது பணக்கணக்கு. சுவாசித்தால் ஒரு கிராம் சர்க்கரைக்குச் சுமார் அரை கிராம் உலர் ஈஸ்ட் கிடைக்கும், நொதித்தால் 0.1 கிராம்தான். அதனால் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸைத் தொட்டியில் மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். வெளியேறும் கார்பன் டைஆக்சைடு, உள்ளே செலவாகும் ஆக்சிஜனை விட அதிகமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதிகமானால் நொதித்தல் தொடங்கிவிட்டது, உடனே பாகின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.