கவனக்குறைபாடு உள்ளவர் மேலாளரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 34. தனியார் நிறுவனத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். ஏ.டி.எச்.டி. என்று மனநல மருத்துவர் உறுதிசெய்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அப்படியும் மாதக் கணக்கைக் கடைசி இரவில்தான் முடிக்கிறேன். இருக்கை வாசலை ஒட்டி இருக்கிறது. மேலாளரிடம் என்ன கேட்கலாம்?

பதில்: முதலில் கடைசித் தேதிக்கு முன்பே வரும் சிறு சிறு இடைக்கெடுக்களைக் கேளுங்கள், இருக்கை மாற்றம் அதற்கு அடுத்தது. மாத்திரை கவனத்தை நிலைநிறுத்த உதவும். ஆனால் பெரிய வேலையைப் பிரித்துத் தருவதோ, எதை முதலில் தொடங்குவது என்று சொல்வதோ அதனால் ஆகாது. தொலைவிலுள்ள கெடு இக்குறைபாடு உள்ளவர்களின் மனத்தில் அழுத்தமாகப் பதிவதில்லை என்பதால், கெடு நெருங்கிய பிறகே வேலை சூடுபிடிக்கிறது. இதைச் சோம்பல் என்று எண்ணி உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் தாக்கல் செய்யும் 3பி படிவத்துக்குக் கெடு 20ஆம் தேதி. விற்பனையாளர்கள் தங்கள் பக்கம் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் 2பி அறிக்கை 14ஆம் தேதி கிடைக்கும். அப்படியானால் கொள்முதல் பில்கள் முழுவதையும் 10ஆம் தேதிக்குள் பதிவுசெய்து, 2பியோடு ஒத்துவராத பில்களின் பட்டியலை 16ஆம் தேதி மாலைக்குள் மேலாளருக்கு அனுப்பி, வரைவுக் கணக்கை 18ஆம் தேதி காட்டுவதாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கெடுவிலும் இன்னொருவர் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் ஒன்று கைமாற வேண்டும். நாட்காட்டியில் நீங்கள் மட்டும் குறித்துவைக்கும் தேதி சில வாரங்களில் வலுவிழந்துவிடும். ஒத்துப்பார்ப்பதையும் மொத்தமாகத் தொடங்காமல், விற்பனையாளர் வாரியாகச் செய்யுங்கள்.

இருக்கையைப் பொறுத்தவரை, ஆட்கள் நடமாடும் வழி கண்ணில் படாத இடமே முக்கியம். அதோடு காலை 10 முதல் 12 வரை தொலைபேசியைச் சக ஊழியர் எடுக்க ஏற்பாடு கேளுங்கள். யாராவது குறுக்கிட்டால், அவர் பக்கம் திரும்புவதற்கு முன், நிறுத்திய பில் எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள். விட்ட இடத்தைத் தேடுவதில்தான் பெரும்பொழுது போகிறது. தனி அறை கிடைத்தாலும் உடனே ஏற்க வேண்டாம், ஏனெனில் பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் வேலை நழுவிப்போகிறவர்கள் பலர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட அட்டவணையில் ஏ.டி.எச்.டி. தனிப்பெயராக இல்லை. எனவே சட்டத்தைக் காட்டிக் கேட்பதைவிட வேலையைக் காட்டிக் கேட்பதே உங்களுக்கு எளிது. நோயின் பெயரைச் சொல்லாமலும் இவை அனைத்தையும் கேட்க முடியும். இரண்டு மாதச் சோதனையாக மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பட்டியல் 16ஆம் தேதி போய்ச் சேர்ந்தும் அதில் தவறுகள் மிகுந்தால் குறுக்கீடுகளைக் குறைக்க வேண்டும். பட்டியலே போகவில்லை என்றால் கெடுக்களை இன்னும் சிறிதாக உடைக்க வேண்டும். மாலையில் மட்டும் தடுமாற்றம் கூடினால், மாத்திரையின் நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.