ரோபோ வாக்குவம் டாக்கில் உட்கார்ந்தும் சார்ஜ் ஏறவில்லை, பேட்டரி மாற்ற வேண்டுமா?

கேள்வி: ரெண்டரை வருஷமா ரோபோ வாக்குவம் கிளீனர் வெச்சிருக்கோம், மாப் போடுற வசதியும் உண்டு. வேலை முடிஞ்சதும் ஒழுங்கா டாக்குக்குப் போய் உட்காருது. ஆனா காலையில பார்த்தா சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடக்குது. சர்வீஸ்ல பேட்டரி மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டாக்கைத் தேடிப் போய் உட்காருகிறது என்பதால் சென்சார், சக்கரம், டாக் அனுப்பும் இன்ஃப்ராரெட் சிக்னல் எல்லாம் சரியாக இருக்கின்றன. அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. சுவிட்சிலிருந்து பேட்டரி வரை கரண்ட் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

முதலில் செலவில்லாத சோதனை. ரோபோவைக் கையால் தூக்கி டாக்கில் வைத்து, மேலிருந்து லேசாக அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது சார்ஜ் விளக்கு எரிந்து, கையை எடுத்ததும் அணைந்தால் பேட்டரிமேல் பழி போட வேண்டாம், தொடுமுனைதான் காரணம். எப்படி அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டாக்குக்கு வரும் கரண்டைப் பார்க்க வேண்டும்.

மாப் போடும் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது தொடுமுனைக் கோளாறுதான். ரோபோவின் அடியில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும், டாக்கில் அவற்றுக்கு நேராக ஸ்பிரிங் வைத்த இரண்டு முனைகள். ஈரத் துணியோடு வந்து நிற்கும் ரோபோ டாக்கின் வாயிலேயே தண்ணீர் விடுகிறது. போர் தண்ணீர் என்றால் அது காய்ந்து உப்பாகப் படியும். தரை கழுவும் திரவமும் சேர்ந்தால் பிசுபிசுப்பான ஒரு படலம். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் முனை உரசும் இடம் பளபளப்பான கோடாகத் தெரிய வேண்டும். அதே இடம் மங்கிக் கறுத்திருந்தால் அங்கே கரண்ட் சரியாகப் போகவில்லை.

டாக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரோபோவையும் அணைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால் நான்கு இடங்களையும் துடையுங்கள். போகாத கறைக்குப் பென்சில் ரப்பர் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் மெல்லிய முலாம் போய்விட்டால் அடியில் உள்ள உலோகம் சீக்கிரம் கறுத்துவிடும், பிறகு அடிக்கடி இதே பாடுதான். துடைத்ததும் டாக்கின் இரண்டு முனைகளையும் விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் எழும்ப வேண்டும்.

வேளச்சேரியில் ஒரு வீட்டில் இதே கதைதான். ரோபோ வந்து உட்காரும், சார்ஜ் ஆகிறது என்று குரல் கொடுக்கும், கொஞ்ச நேரத்தில் பின்வாங்கி மறுபடி வந்து மோதும். அவர்களிடமும் பேட்டரி போய்விட்டது என்றே சொல்லியிருந்தார்கள். அடாப்டரில் 20 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது, மல்டிமீட்டரை அதன் முனையில் வைத்தால் 20.1 காட்டியது. டாக்கின் தொடுமுனைகளிலும் கிட்டத்தட்ட அதேதான். ஆக டாக்கில் குறையில்லை. விரலால் அழுத்திப் பார்த்தபோது இடது முனை பாதியிலேயே நின்றது. சுற்றிலும் வெள்ளையாக உப்பு. பட்ஸால் அதைக் கரைத்து எடுத்ததும் முனை எழும்பியது, சார்ஜ் நின்று நின்று போவதும் நின்றது. இன்னொன்றும் அங்கே இருந்தது: வழவழப்பான டைல்ஸில் ரோபோ மோதும்போதெல்லாம் டாக் ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்துவிடும். டாக்கைச் சுவரோடு ஒட்டி வைத்து அடியில் டபுள் சைடு டேப் போட்டுவிட்டோம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில டாக்குகள் ரோபோ உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே முழு வோல்ட்டேஜ் கொடுக்கும். வெறும் டாக்கின் முனைகளில் ரீடிங் குறைவாக வந்தால் உடனே டாக் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். அடாப்டரின் முனையில் வரும் ரீடிங்கை நம்புங்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, ரோபோ உட்கார்ந்ததும் டாக்கின் விளக்கு மங்கினால் அல்லது விட்டுவிட்டு எரிந்தால், அடாப்டரால் சுமை தாங்க முடியவில்லை என்று சந்தேகிக்கலாம். அதே வோல்ட்டும், அதே அல்லது கூடுதல் ஆம்பியரும் உள்ள அடாப்டரை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளக்கின் அளவும் பிளஸ், மைனஸ் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். தூசியைத் தானே உறிஞ்சி எடுக்கும் பெரிய டாக் என்றால் உள்ளேயே 230 வோல்ட் வருகிறது. அதைத் திறக்காதீர்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். இரண்டரை வருஷம் தினமும் ஓடியிருந்தால் அது தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. லித்தியம் அயன் பேட்டரி 300லிருந்து 500 முறை முழுதாக ஏறி இறங்கும்போது கொள்ளளவு தெளிவாகக் குறைந்திருக்கும். ஆனால் தேய்ந்த பேட்டரியின் அடையாளம் வேறு. முன்பு நாலு மணி நேரம் ஏறியது இப்போது ஒரு மணியிலேயே 100 காட்டும், ஓட ஆரம்பித்ததும் மளமளவென்று இறங்கும், முன்பு வீடு முழுக்கப் பெருக்கியது ஹாலிலேயே திரும்பிவிடும். அதாவது சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். உங்களுடையது ஏறவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் தொடுமுனையை முதலில் பார்க்கச் சொல்கிறேன். வேளச்சேரி ரோபோவுக்கும் பேட்டரி பாதி தேய்ந்துதான் இருந்தது, ஆனால் சார்ஜ் நின்றதற்கு அது காரணமில்லை.

பேட்டரியால் ஏறாமல் போகும் ஒரு நிலையும் உண்டு. இரவில் டாக்கின் சுவிட்சை அணைத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ரோபோ உறக்கத்திலும் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய் நாட்கள் ஆகிவிட்டால் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கி, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று கதவை மூடிவிடும். நாலு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 16.8 வோல்ட் வரும். அதன் முனையில் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கணக்கு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கவர் உப்பியிருந்தால் எந்த ரீடிங்கும் எடுக்க வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், கழற்றி வெளியே வையுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், வாங்கும்போது எடையைப் பாருங்கள். இந்த பேட்டரிகளில் பெரும்பாலும் 18650 என்ற உருளைச் செல்கள் இருக்கும், ஒன்று ஏறத்தாழ 45 கிராம். அந்தச் செல்லின் உச்சக் கொள்ளளவு சுமார் 3,500 எம்.ஏ.எச். நாலு செல் வோல்ட்டேஜில் 5,200 எம்.ஏ.எச் என்று போட்டிருந்தால் எட்டுச் செல் இருக்க வேண்டும், அப்படியானால் 350 கிராமாவது இருக்கும். 200 கிராம் பேட்டரியில் அந்த எண் அச்சிட்டிருந்தால் அது வெறும் ஸ்டிக்கர், வாங்காதீர்கள்.

சுத்தம் செய்து, அழுத்திப் பார்த்து, அடாப்டரின் ரீடிங்கையும் எடுத்துவிட்டுக் கருத்தில் எழுதுங்கள். விளக்கு எரிந்தும் ஏறவில்லையா, விளக்கே எரியவில்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்புறம் பேட்டரி பற்றிப் பேசலாம்.