பாரத்தில் பெயர் எழுதும்போது கையில் மைகார்ட் இருக்க வேண்டும்

கேள்வி: பினாங்கில் இருக்கிறோம். மகன் சரவணனின் கல்வி உதவிநிதிப் பாரம் பெயர் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அவன் பெயரில் வந்த செக்கையும் பேங்க் எடுக்கவில்லை. பெயரை எப்படித்தான் எழுதுவது?

பதில்: நீங்கள் “எம். சரவணன்” என்று எழுதியிருப்பீர்கள். செக் கொடுத்தவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவது நம் மரபாயிற்றே என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் தாராளமாகப் போடுங்கள், யார் தடுத்தது? அரசாங்கப் பாரத்தில் “நாமா பெனூ” என்று இருந்தால், மைகார்டில் அச்சாகியிருக்கும் முழுப் பெயர்தான் அங்கே போக வேண்டும். கவுண்டரில் இருப்பவர் அட்டையை ஒரு கையில், பாரத்தை ஒரு கையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். உங்கள் மகனைத் தெரிந்திருந்தாலும் அவரால் வேறு மாதிரி செய்ய முடியாது.

அட்டையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
SARAVANAN A/L MUNIANDY
```

கட்டம் போட்ட பாரமென்றால் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து, கறுப்பு மைப் பேனா. சொல்லுக்குச் சொல் ஒரு கட்டம் காலியாக விட வேண்டும். நடுவில் வரும் `A/L` மூன்று கட்டம் எடுக்கும், சாய்கோட்டுக்கும் தனிக் கட்டம் உண்டு. இந்தப் பெயருக்கு மொத்தம் 22 கட்டங்கள். எழுதத் தொடங்கும் முன் கட்டங்களை எண்ணிவிடுங்கள், ஏனென்றால் நம் பெயர்கள் நீளம். பாதியில் இடம் தீர்ந்தால் கடைசி எழுத்துகளை ஒரே கட்டத்தில் நெருக்கித் திணிக்கிறார்கள், பதிவு செய்கிறவர் அதைத் தப்பாக வாசிக்கிறார். (பாரம் வரைகிறவர்கள் எந்தப் பெயரை மனதில் வைத்துக் கட்டத்தை எண்ணுகிறார்களோ தெரியவில்லை. சுப்பிரமணியம் மகள் விஜயலெட்சுமி என்று ஒரு தடவை எழுதிப் பார்த்திருந்தால் இந்தச் சிக்கலே வராது.)

அட்டையில் `S/O` என்று இருந்தால் `S/O` என்றே எழுதுங்கள். மலாய்ப் பாரம்தானே என்று `A/L` ஆக மாற்றாதீர்கள். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலுக்கும் இதுவே விதி. மகன் அட்டையில் `MUNIANDY`, அப்பா அட்டையில் `MUNIYANDY` என்று இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அண்ணனுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு ஒரு மாதிரி. அந்தக் கோபத்தைப் பாரத்தில் தீர்த்துக்கொள்ள முடியாது. மகன் பெயர்க் கட்டத்தில் மகன் அட்டையில் உள்ளதும், “நாமா பாபா” கட்டத்தில் அப்பா அட்டையில் உள்ளதும் போகட்டும். ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று நீங்களாகத் திருத்தப் போனால், இரண்டில் ஒன்று அட்டைக்கு மாறாகிவிடும். கேட்டால் காட்ட மகனின் பிறப்புச் சான்றிதழைக் கூடவே வையுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் சத்தியப் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். அதைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் செல்லாது.

இன்னொன்று, அப்பா பெயர்க் கட்டத்தில் வெறும் முனியாண்டி என்று நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயும் முழுப் பெயர்தான், அதாவது அவருடைய `A/L` உம் தாத்தா பெயரும் சேர வேண்டும்.

பெயருக்கு அடுத்தபடி சறுக்குவது பிறந்த தேதியில். உங்கள் மகன் 2006 பிப்ரவரி 17 அன்று பிறந்தவர் என்று கொள்வோம். அவர் ஐசி எண் 060217 என்று தொடங்கும், ஆண்டு முதலில், நாள் கடைசியில். “தாரிக் லாஹிர்” கட்டமோ நாள், மாதம், ஆண்டு என்று போகும், ஆகவே 17022006. ஐசியைப் பார்த்து அப்படியே இறக்கினால் பையன் 2017 பிப்ரவரி 6-இல் பிறந்த சிறுவனாகிவிடுவான். ஐசி எண்ணையும் அதன் இடத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 இலக்கம். நடுவில் வரும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14 என்று பெரும்பாலான அட்டைகளில் பார்க்கலாம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அம்மா ஐசி கட்டத்தில் ஒற்றைப்படையில் முடியும் எண் இருந்தால் அப்பா எண்ணை இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

இனி செக். “எம். சரவணன்” என்று எழுதிய செக் `SARAVANAN A/L MUNIANDY` கணக்கில் ஏறுமா என்பது அந்த பேங்க் கையில். மறுத்தால் வாதாடிப் பயனில்லை. அதைவிட முக்கியம், செக்கில் நீங்களோ கொடுத்தவரோ பெயரைத் திருத்தக் கூடாது. திருத்திய இடத்தில் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டால் போதும் என்பது பழைய கதை. இப்போது பேங்குகளுக்கிடையே செக்கின் படம்தான் போகிறது, தாள் போவதில்லை. திருத்தம் தெரிகிற செக்கை எடுக்க மாட்டார்கள். கொடுத்தவரிடம் முழுப் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பிப் புதுச் செக் வாங்குங்கள். தேதியிலிருந்து 6 மாதம் தாண்டிய செக்கும் செல்லாது, ஆகவே அவரைத் தேடுவதைத் தள்ளிப் போடாதீர்கள். மூலையில் இரண்டு கோடு போட்டு, பெறுபவர் கணக்கில் மட்டும் என்று இருந்தால் அம்மா கணக்கில் போட்டுப் பார்க்கும் யோசனையும் வேண்டாம், அது மகன் கணக்குக்கு மட்டுமே.

புதுச் செக் வந்ததும் ஸ்லிப். அதில் பெரிய வேலை இல்லை. பெயர், கணக்கு எண், செக் எண், எந்த பேங்க் செக், தொகை. 1,250 வெள்ளி என்றால் வெள்ளி பத்தியில் 1,250, சென் பத்தியில் 00. தப்பு நடப்பது கணக்கு எண்ணில். ஏடிஎம் கார்டில் முன்னால் இருக்கும் 16 இலக்கத்தை எடுத்து எழுதிவிடுகிறார்கள். அது கார்டு எண். கணக்கு எண் அதைவிடச் சிறியது, மேபேங்கில் 12 இலக்கம், பப்ளிக் பேங்கில் 10. கணக்குப் புத்தகத்திலோ கைப்பேசிச் செயலியிலோ பார்த்து எழுதுங்கள். செக்கின் பின்பக்கம் அதே கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் எழுதினால், ஸ்லிப் பிரிந்து போனாலும் ஆளைத் தேட வழி இருக்கும். ஓர் இலக்கம் தப்பானால் மேலே எழுதித் தடிக்க வைக்காதீர்கள், ஸ்லிப் இலவசம்தானே, புதிதாக ஒன்று எடுங்கள். கவுண்டரில் அச்சடித்துத் திருப்பித் தரும் பிரதியில் கணக்கு எண்ணும் தொகையும் வந்திருக்கும். அதை நாற்காலிக்குத் திரும்பும் முன் அங்கேயே நின்று ஒப்பிடுங்கள்.

உதவிநிதிப் பாரத்தில் கேட்கும் கணக்கும் மகன் பெயரில் இருக்கட்டும். சின்ன வயதில் திறந்து தொடாமல் விட்ட கணக்கு என்றால், பாரம் அனுப்பும் முன் ஒரு பத்து வெள்ளி போட்டுப் பாருங்கள். 12 மாதம் நடமாட்டமில்லாத கணக்கை பேங்க் உறங்கும் கணக்காக ஒதுக்கிவிடும். அப்படியென்றால் மகனே மைகார்டோடு கிளைக்குப் போய் அதை எழுப்ப வேண்டும்.