கட்டியை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்குமா?

“எனக்கு வயது 31. இன்னும் குழந்தை இல்லை. ஒன்றரை வருடமாக பீரியட்ஸ் எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாக வருகிறது. இரண்டு நாள் முன்பே அடிவயிற்றில் வலி தொடங்கிவிடும். ஹீமோகுளோபின் 8.6. ஸ்கேனில் கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, பின்சுவரில் 2.5 செ.மீ. ஃபைப்ராய்டு, அடினோமயோசிஸும் இருக்கிறது என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் கட்டியை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது அந்தக் கட்டி எங்கே இருக்கிறது என்பதைத்தான், அளவு அப்புறம். ஃபைப்ராய்டு கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால், ஒன்றரை செ.மீ. இருந்தாலே ரத்தம் கொட்ட வைக்கும். உள்வரிச் சவ்வை இழுத்து விரித்து, அதன் ரத்தக்குழாய்களையும் குழப்பிவிடும். அதே கட்டி சுவரின் நடுவே, உள்ளறையைத் தொடாமல் இருந்தால், 2.5 செ.மீ. அளவுக்கு இவ்வளவு ரத்தப்போக்கு வருவது அரிது. வெளிப்பக்கம் வளர்ந்தது பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தும், வயிறு கனக்கும். ரத்தப்போக்குக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

அடினோமயோசிஸில் நடப்பது வேறு. உள்வரிச் சவ்வின் திசுவே தசைச்சுவருக்குள் ஊடுருவி வளர்ந்துவிடுகிறது. மாதாமாதம் அதுவும் வீங்கி, தசைக்குள்ளேயே கசிகிறது. வலி தரும் ப்ராஸ்டாகிளாண்டின் அங்கே அதிகம் சுரக்கிறது. தசை தடித்துப்போவதால், சுருங்கி ரத்தக்குழாய்களை அடைக்கும் திறனும் குறைகிறது. ரத்தப்போக்கோடு, பீரியட்ஸுக்கு முன்பே தொடங்கும் வலியும் சேர்ந்து வருவது இதனால்தான். நீங்கள் சொல்லும் வலியும், பெரிதான கர்ப்பப்பையும் என்னை இந்தப் பக்கமே சந்தேகப்பட வைக்கின்றன.

அறுவை சிகிச்சையில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஃபைப்ராய்டுக்குத் தெளிவான எல்லை உண்டு. பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல அதைத் தனியாக எடுத்துவிடலாம். அடினோமயோசிஸுக்கு எல்லையே கிடையாது. வெட்டினால் நல்ல தசையும் சேர்ந்து போகும், பிறகு கர்ப்பத்தின்போது தழும்பு பிரியும் ஆபத்தும் உண்டு. உங்கள் 2.5 செ.மீ. கட்டியை எடுத்தால், தழும்பு மட்டும் மிஞ்சி, ரத்தப்போக்கும் வலியும் அப்படியே தொடரக்கூடும் என்பதுதான் என் கவலை.

அதனால் முதலில் யோனி வழி ஸ்கேனை அனுபவமுள்ளவரிடம் மறுபடி செய்துகொள்ளுங்கள். “கட்டி உள்ளறையைத் தொடுகிறதா?” என்ற கேள்விக்குப் பதில் ரிப்போர்ட்டில் எழுதப்பட வேண்டும். தெளிவாகவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. உதவும். உள்ளறைக்குள் துருத்தியிருப்பது உறுதியானால் எடுக்கச் சொன்ன டாக்டர் சரி. பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல், கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமராவைச் செலுத்தும் ஹிஸ்டரோஸ்கோப்பி மூலமே எடுத்துவிடலாம். கருத்தரிக்கும் வாய்ப்புக்கும் அது நல்லது.

தொடவில்லை என்றால் மருந்துதான் என் தேர்வு. எந்த மருந்து என்பதை நீங்கள் எப்போது குழந்தை வேண்டும் என்பது தீர்மானிக்கும். இப்போதே என்றால் ஹார்மோன் வேண்டாம். ரத்தம் அதிகம் போகும் நாட்களில் மட்டும் டிரானெக்ஸாமிக் ஆசிட், வலிக்கு மெஃபினமிக் ஆசிட். இரண்டும் கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை. காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால் டிரானெக்ஸாமிக் கூடாது. வயிற்றுப்புண் இருந்தால் மெஃபினமிக்குக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே இரும்புச்சத்து. 8.6 என்ற அளவோடு கர்ப்பத்துக்குள் போகக்கூடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசியாக ஏற்றலாம். இந்த இடைவெளியில் உங்கள் கருமுட்டை இருப்பையும் கணவரின் விந்தணுவையும் பரிசோதித்துவிடுங்கள்.

ஓரிரு வருடம் தள்ளிப்போடலாம் என்றால், லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைத் தரும், காப்பர்-டி மாதிரியான சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும், ஆனால் முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை திட்டுத்திட்டாகப் படுவதைப் பார்த்து அவசரமாக எடுத்துவிட வேண்டாம். வலிதான் பெரிது என்றால் தினம் 2 மி.கி. டயனோஜெஸ்ட் மாத்திரை. சாதனம் இருக்கும்வரை கரு தங்காது. டயனோஜெஸ்ட் சாப்பிடும்போதும் கருத்தரிப்பது அரிது, ஆனால் அதைக் கருத்தடையாக நம்ப வேண்டாம். இரண்டையும் நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். ஐ.வி.எஃப். வரை போக நேர்ந்தால், கருக்களை உறைய வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் லூப்ரோலைட் ஊசி போட்டுக் கர்ப்பப்பையைச் சுருக்கிய பிறகு கருவை வைக்கும் வழியும் உண்டு. அந்த ஊசியின் பலன் நிறுத்திய சில மாதங்களில் போய்விடும், அதனால் தனியாக அதையே நம்ப முடியாது.

உள்வரிச் சவ்வை எரித்து அகற்றும் அப்லேஷன் சிகிச்சையை யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தை வேண்டும் என்பவருக்கு அது ஏற்றதல்ல. கர்ப்பப்பையின் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷனையும் உங்கள் நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன், பின்னால் வரும் கர்ப்பத்துக்கு அது சிக்கல் தரலாம்.

இதற்கிடையில் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே தொடர்ந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.