பட்டியலில் இல்லாத ஃபண்டுகளும் சராசரியும்

கேள்வி: ஒரே வகையைச் சேர்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளின் பத்தாண்டு வருமானத்தை ஒரு தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் சராசரி பார்த்தேன். ஆண்டுக்கு 10 சதவீதம் வந்தது. இதை நம்பித் திட்டமிடலாமா?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் பட்டியலில் இருப்பவை இன்றும் இயங்கிவரும் ஃபண்டுகள் மட்டுமாக இருந்தால், அந்த 10 சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். மோசமாகச் செயல்பட்ட ஃபண்டை நிறுவனங்கள் பெரும்பாலும் நீண்ட காலம் விட்டுவைப்பதில்லை. அதே நிறுவனத்தின் வேறொரு ஃபண்டுடன் இணைத்துவிடுகின்றன. இணைப்புக்குப் பின் தொடர்வது சேர்த்துக்கொண்ட ஃபண்டின் வரலாறு மட்டுமே என்பதால், மறைந்ததன் பழைய எண்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன. இதையே 'சர்வைவர்ஷிப் பயஸ்', அதாவது எஞ்சியவற்றை மட்டும் எண்ணுவதால் வரும் பிழை என்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கில் இதைப் பார்க்கலாம். தொடக்கத்தில் 10 ஃபண்டுகள். ஒவ்வொன்றிலும் 100 போடுகிறோம். ஏழு ஃபண்டுகள் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்து, பத்தாண்டு முடிவில் ஒவ்வொன்றும் 259 ஆகின்றன. மற்ற மூன்றும் 4 சதவீதமே வளர்ந்து, ஐந்தாம் ஆண்டு முடிவில் தலா 122 ஆக இருக்கும்போது அந்த ஏழில் சிலவற்றுடன் இணைக்கப்படுகின்றன. அந்தப் பணம் அடுத்த ஐந்தாண்டுகளில் 10 சதவீதம் வளர்ந்து தலா 196 ஆகிறது. பத்தையும் சேர்த்தால் சராசரி ஏறக்குறைய 240, அதாவது ஆண்டுக்கு சுமார் 9.2 சதவீதம். இன்றைய பட்டியலோ எஞ்சிய ஏழு ஃபண்டுகளை மட்டும் காட்டி 10 சதவீதம் என்கிறது. எஞ்சிய ஏழின் வருமானம் வெவ்வேறாக இருந்தால் தரவரிசையும் இப்படித்தான் ஏமாற்றும்: ஏழில் நான்காவதாக, நட்டநடுவில் தெரியும் ஃபண்டு, உண்மையில் பத்தில் நான்காவது.

காலம் நீள நீள இந்த வீக்கம் பெருகும். அமெரிக்க ஃபண்டுகளை ஆராய்ந்து கார்ஹார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓராண்டுத் தரவில் அது 0.07 சதவீதமாகவும், 15 ஆண்டுகளைத் தாண்டிய தரவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே ஓராண்டுச் சராசரியைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். உங்களுடையது பத்தாண்டு.

சரிபார்க்க, பத்தாண்டுகளுக்கு முன்பு வெளியான அதே வகையின் பட்டியலைத் தேடி எடுத்து, அதிலுள்ள பெயர்களை இன்றைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். காணாமற்போன ஒவ்வொன்றும் பெயர் மாறியதா, இணைக்கப்பட்டதா, மூடப்பட்டதா என்று பாருங்கள். பெயர் மாறியதை மறைந்ததாக எண்ணிவிடுவது எளிதில் நேரும் தவறு. இணைக்கப்பட்டதற்கு, இணைப்பு நாள் வரை அதன் சொந்த வருமானத்தையும் அதன்பின் சேர்த்துக்கொண்ட ஃபண்டின் வருமானத்தையும் தொடுத்துக் கணக்கிடுங்கள். மூடப்பட்டதன் எண்கள் கிடைக்காவிட்டால், அதைச் சராசரியிலிருந்து விடாமல், அந்த வகையின் மிகக் குறைந்த வருமானத்தை அதற்குக் கொடுத்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம். அது துல்லியமான விடையன்று, ஆனால் உங்கள் 10 சதவீதம் எவ்வளவு இறங்கக்கூடும் என்பது அதில் தெரிந்துவிடும்.